சமநிலை எந்தப் பக்கம் நகரும்? 11-ஆம் வகுப்பு வேதியியல் திருப்புதல் குறிப்பு

திங்கட்கிழமை அரையாண்டுத் தேர்வு. போன வாரத் திருப்புதல் தேர்வில் உங்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியில் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டீர்கள். "சமநிலையில் உள்ள கலவையில் ஹைட்ரஜனைக் கூடுதலாகச் சேர்த்தால் Kc என்ன ஆகும்?" என்பதுதான் கேள்வி. "அதிகரிக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். அதிகரிக்காது. செறிவை மாற்றினால் சமநிலை நகரும், ஆனால் Kc நகராது. வெப்பநிலையை மாற்றினால் Kc-யே மாறும். இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதிக் கேள்விகள் தானாக விடுபடும்.

முதலில் ஒன்று. சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் ஏறினால் உள்ளே கூட்டம் மாறாது அல்லவா, அப்படி.

சரி, செறிவுக்கு வருவோம். இந்த வினையை எடுத்துக்கொள்ளுங்கள்:

H₂(g) + I₂(g) ⇌ 2HI(g)

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் Kc = 49 என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் கலனில் சமநிலையின்போது H₂ 0.10 மோல், I₂ 0.10 மோல், HI 0.70 மோல் இருக்கின்றன. சரிபாருங்கள்: (0.70)² ÷ (0.10 × 0.10) = 49.

இப்போது வெப்பநிலையைத் தொடாமல் இன்னும் 0.10 மோல் H₂ சேர்க்கிறோம். H₂ 0.20 ஆகிவிட்டது. அந்தக் கணத்தில் வினை குணகம் Q = (0.70)² ÷ (0.20 × 0.10) = 24.5. Q, Kc-ஐ விடச் சிறியது. ஆக வினை முன்னோக்கி நகர வேண்டும், Q மறுபடி 49-ஐத் தொடும் வரை.

ஏன் நகர்கிறது? H₂ இரட்டிப்பானதால் H₂-வும் I₂-வும் மோதிக்கொள்ளும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. முன்னோக்கு வினையின் வேகம் உடனே இருமடங்காகிறது. HI-யின் அளவு இன்னும் மாறவில்லை, அதனால் பின்னோக்கு வினை பழைய வேகத்திலேயே போகிறது. நேரம் போகப்போக HI கூடக்கூட பின்னோக்கு வினையும் வேகமெடுக்கும். இரண்டும் மறுபடி சமமாகும் இடம்தான் புதிய சமநிலை.

அந்த இடத்தைக் கணக்குப் போட்டால், H₂ ஏறக்குறைய 0.17, I₂ 0.07, HI 0.76. இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். H₂ 0.10-இல் இருந்து 0.20-க்கு ஏறி, 0.17-க்கு இறங்கியிருக்கிறது. பழைய 0.10-க்குத் திரும்பவில்லை. பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884-இல் சொன்ன தத்துவமும் இதுதான்: சமநிலையில் உள்ள அமைப்பின்மீது ஒரு மாற்றத்தைத் திணித்தால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும். 'குறைக்கும்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'அழித்துவிடும்' என்று எழுதிவிடாதீர்கள்.

விளைபொருளை எடுத்துவிட்டாலும் வினை முன்னோக்கித்தான் நகரும். வினைபடுபொருளை எடுத்தால் பின்னோக்கி. இதைக் கண்ணால் பார்க்க நல்ல சோதனை, ஃபெரிக் அயனியும் தயோசயனேட்டும் சேரும் வினை:

Fe³⁺ + SCN⁻ ⇌ [Fe(SCN)]²⁺

வலப்பக்கத்து அயனிதான் ரத்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம். சோதனைக் குழாயில் இன்னும் கொஞ்சம் தயோசயனேட் கரைசலை விட்டால் சிவப்பு கூடும். ஆக்சாலிக் அமிலம் விட்டால் வெளிறும். ஆக்சலேட் அயனி Fe³⁺-ஐத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் இடப்பக்கம் குறைகிறது. அதை ஈடுகட்டச் சிவப்பு அயனி உடைகிறது. விடைத்தாளில் நிறம் மாறுவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள், எந்த அயனி குறைந்தது என்பதற்குத்தான் மதிப்பெண்.

அடுத்து வெப்பநிலை. இங்கே கதை வேறு.

N₂O₄(g) ⇌ 2NO₂(g), ΔH = +57 kJ

N₂O₄ நிறமற்றது, NO₂ பழுப்பு. இந்தக் கலவையை அடைத்த கண்ணாடிக் குடுவையை வெந்நீரில் வைத்தால் பழுப்பு அடர்த்தியாகும். பனிக்கட்டியில் வைத்தால் நிறம் மங்கும். முன்னோக்கு வினை வெப்பம் கொள்ளும் வினை. வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தால், அந்த வெப்பத்தை உறிஞ்சும் பக்கமே சமநிலை நகர்கிறது.

"வெப்பநிலையைக் கூட்டினால் முன்னோக்கு வினை மட்டும் வேகமாகும்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தவறு. இரண்டு வினைகளும் வேகமாகும். ஆனால் வெப்பம் கொள்ளும் திசையில் கிளர்வு ஆற்றல் அதிகம், அதனால் சூட்டினால் கிடைக்கும் வேகமும் அந்தத் திசைக்கே அதிகமாகக் கூடுகிறது. இரண்டு வேக மாறிலிகளின் விகிதம்தானே சமநிலை மாறிலி? விகிதம் மாறினால் K மாறியே தீரும். செறிவை மாற்றும்போது வேக மாறிலிகள் அப்படியே இருந்தன, அதனால்தான் Kc அசையவில்லை.

வெப்பம் உமிழும் வினைக்கு இதைத் தலைகீழாக்குங்கள். அமோனியாத் தயாரிப்புதான் கட்டாயம் வரும் கேள்வி:

N₂(g) + 3H₂(g) ⇌ 2NH₃(g), ΔH = −92 kJ

சூடு ஏற ஏற Kc சரிகிறது. 25°C-இல் பத்துக்கோடிக் கணக்கில் இருக்கும் மதிப்பு, 400°C-க்குப் போவதற்குள் 1-க்கும் கீழே வந்துவிடுகிறது. அப்படியானால் குளிர்ச்சியில் வைத்தே தயாரிக்கலாமே? வைக்கலாம், அமோனியா வருவதற்குள் ஆயுள் முடிந்துவிடும், அவ்வளவு மெதுவான வினை. அதனால்தான் தொழிற்சாலையில் ஏறக்குறைய 450°C, உயர் அழுத்தம், இரும்பு வினையூக்கி என்று சமரசம் செய்துகொள்கிறார்கள். உண்டாகும் அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக்கி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அது ஏன் என்பதற்கு மேலே செறிவுப் பகுதியிலேயே பதில் இருக்கிறது. வினையூக்கி சமநிலையைச் சீக்கிரம் வரவைக்கும், நகர்த்தாது. (லீ சாட்லியரே அமோனியாவைத் தயாரிக்க முயன்று, வாயுக்களோடு காற்று கலந்து வெடித்ததும் கைவிட்டார். பிறகு அதைச் செய்துகாட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர்.)

தேர்வுக்குப் போகும்முன் இந்த மூன்றையும் புத்தகத்தைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

அமோனியா வினையில் NH₃-ஐ வெளியே எடுத்தால்? முன்னோக்கி நகரும், Kc மாறாது.

மூடிய கலனில் CaCO₃(s) ⇌ CaO(s) + CO₂(g) சமநிலையில் உள்ளது. ஒரு கரண்டி CaO சேர்த்தால்? எதுவும் நகராது. தூய திண்மத்தின் செறிவு மாறிலி; Kc = [CO₂] மட்டுமே. இதில் "பின்னோக்கி நகரும்" என்று எழுதுவதற்குத்தான் கை துடிக்கும்.

[Co(H₂O)₆]²⁺ + 4Cl⁻ ⇌ [CoCl₄]²⁻ + 6H₂O வினையில் இடப்பக்க அயனி இளஞ்சிவப்பு, வலப்பக்க அயனி நீலம். சூடாக்கினால் கரைசல் நீலமாகிறது. முன்னோக்கு வினையின் ΔH நேர்க்குறியா, எதிர்க்குறியா? நேர்க்குறி. சூட்டினால் வலப்பக்கம் போனது, ஆக அந்தத் திசைதான் வெப்பம் கொள்கிறது. அதே கரைசலை ஆறவைத்து அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டாலும் நீலம்தான். ஆனால் முதல் நீலத்தில் Kc கூடியிருந்தது, இரண்டாவதில் கூடவில்லை.