பந்துச் சுமை, ஓய்வு, முதுகுவலி: டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

வணக்கம் டாக்டர். சனிக்கிழமை உரைக்குப் பிறகு கேள்விகளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பயிற்சியாளர்களிடம் வாங்கியவற்றைத் தொகுத்து முன்கூட்டியே அனுப்புகிறேன். அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 14 முதல் 19 வயதுப் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுப்பவர்கள். ஜிபிஎஸ் உடுப்பு, முழுநேர பிசியோ எதுவும் எங்களிடம் கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும் உண்டு. அதை மனதில் வைத்துப் பதில் சொன்னால் நல்லது.

1. முதலில் கணக்கு. கடைசி 7 நாள் சுமையை 28 நாளின் வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை பத்திரம், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தந்தார்கள். விளையாட்டு ஆய்வாளர் டிம் கேபெட் 2016-ல் எழுதியதிலிருந்து இது பரவியது. அப்புறம் இம்பெல்லிசெரி போன்ற ஆய்வாளர்கள் இந்த விகிதமே சரியில்லை என்று எழுதினார்கள்.

எங்களுக்கு இடிக்கும் இடம் இது. பரீட்சைக்காக மூன்று வாரம் பந்தையே தொடாத பையன், நான்காவது வாரம் திரும்பி வந்து 24 பந்து போடுகிறான். சராசரி 6, விகிதம் 4. அவனைப் போலவே மூன்று வாரம் பந்தைத் தொடாத இன்னொருவன் அதே வாரம் 324 பந்து போடுகிறான். சராசரி 81, அவனுக்கும் விகிதம் 4 தான். முதலாமவனைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டோம், இரண்டாமவனை நினைத்தால் தூக்கம் வராது. இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டும் கணக்கை வைத்து யாரை உட்கார வைப்பது? விகிதத்தை விட்டுவிட்டு, ‘போன வாரத்தைவிட எத்தனை பந்து கூட’ என்று மட்டும் பார்த்தால் போதுமா? நீங்கள் உங்கள் அணிகளில் எதைப் பார்க்கிறீர்கள்?

2. மேலே சொன்ன 324 கற்பனை எண் மாதிரி தெரியலாம். பையன்களின் வாரம் உண்மையில் இப்படித்தான் போகிறது: திங்கள், புதன் பள்ளி நெட்ஸில் ஆறு ஆறு ஓவர், செவ்வாய், வியாழன், வெள்ளி மாலை அகாடமியில் எட்டு எட்டு ஓவர், சனிக்கிழமை பள்ளி மேட்ச்சில் 8 ஓவர், ஞாயிறு கிளப் மேட்ச்சில் 10 ஓவர். பள்ளி வாத்தியார் கண்ணில் படுவது 120 பந்து. அகாடமி கோச் பார்ப்பது 144. கிளப் கேப்டனுக்குத் தெரிந்தது வெறும் 60. ‘நான் கொஞ்சம்தானே போட வைக்கிறேன்’ என்று மூன்று பேரும் மனசாட்சியோடு சொல்லலாம், மூன்று பேர் சொல்வதும் உண்மை. இந்த எண்களை ஒரே இடத்தில் சேர்க்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது? பையனிடமா, அப்பா அம்மாவிடமா? இதை நடைமுறையில் சாதித்த இடம் ஏதாவது நீங்கள் பார்த்திருந்தால், அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள். நேரம் போதாவிட்டால் மற்றதை விட்டுவிட்டாவது இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. பந்துகளை எண்ணினால் மட்டும் போதுமா? நெட்ஸில் பாதி ரன்-அப்பில் போடும் பந்தும், மேட்ச்சில் கடைசி ஓவரில் முழு மூச்சாகப் போடும் யார்க்கரும் நோட்டில் ஒரே கோடுதான். ‘எவ்வளவு கஷ்டமாக இருந்தது’ என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கும் முறை எளிது. 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 540. ஆனால் அணித் தேர்வு நடக்கும் வாரத்தில் எல்லாப் பையனும் 3 என்றுதான் சொல்வான். இந்தப் பொய்யை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

4. எலும்பு விஷயம். ஒரே மேட்ச்சில் 50 ஓவருக்கு மேல் போட்டவர்களுக்கு உடனே இல்லாமல் மூன்று, நான்கு வாரம் கழித்தே காயம் அதிகம் வந்ததாக ஆர்ச்சர்டு குழுவின் 2009 ஆய்வு காட்டியது. அப்படியானால் இன்று வலி இல்லை என்பதற்கு அர்த்தமே இல்லையா? அதிகம் போட்ட வாரத்துக்குப் பிறகு எத்தனை வாரம் கண்காணிக்க வேண்டும்?

5. இதோடு சேர்ந்தது. வலது கைப் பையன் ‘கீழ் முதுகில் இடது பக்கம் பிடிக்கிறது’ என்கிறான். பின்னால் வளைந்தால் கூடுகிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டு ஞாயிறு மேட்ச்சுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. எந்த அறிகுறியில் பந்துவீச்சை அன்றே நிறுத்த வேண்டும்? எம்ஆர்ஐ எடுக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்வது?

6. பும்ராவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள், அதனால் நானே சேர்த்துவிட்டேன். 2024 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்ட்டில் மட்டும் 50 ஓவருக்கு மேல் போட்டார். அடுத்த டெஸ்ட், சிட்னியில், முதுகுப் பிடிப்போடு வெளியேறினார். 2025 இங்கிலாந்துத் தொடரில் அவர் ஐந்தில் மூன்று டெஸ்ட் மட்டும் ஆடினார். சிராஜ் ஐந்தும் ஆடி 185 ஓவருக்கு மேல் போட்டு, கடைசி நாள் ஓவலில் ஜெயித்தும் கொடுத்தார். உடனே ‘சுமை மேலாண்மை எல்லாம் சும்மா’ என்று டீக்கடை வரை பேச்சு. ஏற்கெனவே முதுகில் அறுவை சிகிச்சை ஆன ஒருவரையும் அப்படி இல்லாத ஒருவரையும் ஒரே தராசில் வைப்பது தவறு என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். எங்களுக்கு வேண்டியது வேறு: முன் காயம், வயது, ஆக்‌ஷன், மொத்த ஓவர் இவற்றில் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பீர்கள்?

7. பேட் கம்மின்ஸ் 18 வயதில் 2011-ல் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். வளரும் முதுகெலும்புக்கு அவசரம் கூடாது என்று அதைச் சொல்கிறோம். ஆனால் ரொம்பப் பொத்திப் பொத்தி வைத்தாலும் எலும்பு பலப்படாதே? குறைவாகப் போடுவதும் ஆபத்துதான் என்றால், 15 வயதுக்காரனுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு?

8. ஏப்ரல், மே கோடை முகாம். இரண்டு மாதம் படிப்போடு உட்கார்ந்திருந்தவனை, வெயில் உச்சத்தில், வாரம் ஆறு நாள் பந்து போட வைக்கிறோம். கட்டணம் கட்டிய பெற்றோர் ‘இன்னைக்கு ஏன் சீக்கிரம் விட்டுட்டீங்க’ என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு அட்டவணை தர முடியுமா? நாள், பந்து எண்ணிக்கை, ஓய்வு நாள் என்று தெளிவாக இருந்தால் அச்சடித்து நெட்ஸ் கம்பத்தில் ஒட்டிவிடுவோம். பெற்றோரிடம் காட்டவும் உதவும்.

9. சுருக்கமாகப் பதில் போதும் என்கிற மூன்று:

ஐஸ் தண்ணீர்த் தொட்டி: எடைப் பயிற்சிக்குப் பின் உடனே இறங்கினால் தசை வளர்ச்சி குறையும் என்கிறார்கள். மேட்ச் நாளில் சரி, ஜிம் நாளில் வேண்டாம் என்று சொல்லலாமா?

தூக்கம்: எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பதின்பருவ வீரர்களுக்குக் காயம் அதிகம் என்ற ஆய்வை நம்பி, டியூஷன் முடிந்து 11 மணிக்குப் படுப்பவனுக்குக் காலை 5:30 பயிற்சியை ரத்து செய்யலாமா? (என் ஓட்டு: செய்யலாம்.)

தொடையின் பின் தசைக்கு நார்டிக் பயிற்சி: முதல் வாரம் நடக்கவே முடியாமல் பையன்கள் கைவிடுகிறார்கள். எத்தனை முறையில் ஆரம்பிப்பது?

10. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் ஆகி நான்கு மாதம் கழித்துத் திரும்புபவன். வலி இல்லை, டாக்டர் சீட்டும் இருக்கிறது. முதல் நாள் எத்தனை பந்து? ஒரு நாள் விட்டு ஒரு நாளா? தொடர்ந்து இரண்டு நாள் எப்போது போடலாம்? முழு வேகம் எப்போது? ‘படிப்படியாக’ என்ற பதில் இதுவரை எல்லோரிடமும் கிடைத்துவிட்டது டாக்டர். படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று சொல்லுங்கள்.

வரிசை உங்கள் விருப்பம். 2, 5, 10 மூன்றும் தவறாமல் வரட்டும். மைக் சுற்றிவரும்போது யாராவது தங்கள் பையனின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை நீட்டினால் நான் இடைமறித்துவிடுகிறேன், நீங்கள் பேசிக்கொண்டே போகலாம்.