கலைவிழா 2026: நிகழ்ச்சி ஒழுங்கும் பெற்றோர் பொறுப்பும்

லண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி
விழா: மார்ச் 14, மாலை 4 மணி. மண்டபம் 1 மணிக்குத் திறக்கும். இரவு 8.30க்குள் கூட்டித் துடைத்துச் சாவி கொடுக்க வேண்டும்.

ஒத்திகை
பெப்ரவரி 7, 14, 28: வகுப்பு முடிந்து 12.30–1.30. (21 அரைத்தவணை விடுமுறை.)
மார்ச் 7: விழா உடையோடு முழு ஒத்திகை. வேட்டி அவிழ்வதும் பாவாடை தடுக்குவதும் அன்றே தெரிந்துவிட வேண்டும். சின்னவர்களின் வேட்டி இடுப்பில் இலாஸ்டிக் தைத்துவிடுங்கள்.

நிகழ்ச்சி
4.00 விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து. புகைக்கே தீ அலாரம் அடிக்கும். எண்ணெய்த் திரி வேண்டாம், பேட்டரி விளக்குதான்.
4.10 மழலையர் பாட்டு. பிந்தினால் நித்திரை, அழுகை.
4.20 குறள், பேச்சு: 12 பேர், ஆளுக்கு 2 நிமிடம். ஏறி இறங்கவே அரை நிமிடம் போகும்.
4.50 கோலாட்டம்: 16 பிள்ளைகள், 32 கோல், உடைந்தால் மாற்ற 4.
5.05 இடைவேளை
5.35 வில்லுப்பாட்டு
5.55 நாடகம்
6.30 பரிசளிப்பு, நன்றியுரை (3 நிமிடத்துக்கு மேல் கூடாது)

பெற்றோர்
மேடைப் பின்புறம், 4 பேர்: அடுத்த இரு குழுக்கள் மட்டும் வரிசையில் நிற்கட்டும். ஊசி, நூல், தண்ணீர் கையோடு.
இசை, 1: பாட்டெல்லாம் ஒரே போனில், எண்ணிட்டு, விமானப் பயன்முறையில். இணையத்திலிருந்து ஓட்ட வேண்டாம்; நடுவில் விளம்பரம் வரும்.
சிற்றுண்டி, 6: 150 பேருக்கு 300 றோல்ஸ், 200 வடை. சைவ றோல்ஸ் தனித் தட்டில். கச்சான், கஜு எதிலும் சேரக்கூடாது.
படம், 1: ஒப்புதல் தராத குடும்பங்களின் பட்டியலை முதலிலேயே வாங்குங்கள்.
கதிரை அடுக்க, 8: அப்பாமார், 7.15க்கு. உங்களைச் சாப்பாட்டுப் பக்கம் தேட வைக்காதீர்கள்.