மனைவி விசா மறுப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக் கடிதம்

அனுப்புநர்
ரா. கவிதா,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம், தமிழ்நாடு.

பெறுநர்
மாண்பமை நீதிபதி அவர்கள்,
முதல்நிலைத் தீர்ப்பாயம், குடிவரவு மற்றும் புகலிடப் பிரிவு,
ஐக்கிய இராச்சியம்.

பொருள்: 2025 ஆகஸ்ட் 12 தேதியிட்ட மனைவி விசா மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். விசாவுக்குக் கேட்ட ஏ1 ஆங்கிலத் தேர்வில் தேறியிருக்கிறேன். ஆனால் என் கல்யாணத்தைப் பற்றிச் சரியாகச் சொல்ல அந்த ஆங்கிலம் போதாது. சான்றளித்த மொழிபெயர்ப்பு இணைப்பில் இருக்கிறது.

என் கணவர் சதீஷ் கவன்ட்ரியில் செவிலியராக வேலை பார்க்கிறார். 2018-ல் அங்கே போனவர், 2023-ல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றார். அவருடைய வருமானம், வீடு, என் ஆங்கிலத் தேர்வு எதிலும் குறையில்லை என்று மறுப்புக் கடிதமே சொல்கிறது. எங்கள் உறவு உண்மையானது, தொடர்கிறது என்பதற்கும், நிரந்தரமாகச் சேர்ந்து வாழப் போகிறோம் என்பதற்கும் ஆதாரம் போதவில்லை என்பதுதான் காரணம்.

தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் விண்ணப்பித்தபோது திருமணச் சான்றிதழ், 12 போட்டோ, இரண்டு பக்க வாட்ஸ்அப் உரையாடல், இவ்வளவுதான் வைத்தோம். "சான்றிதழ் இருந்தால் போதும்" என்று விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் சொன்னார், நம்பிவிட்டோம். தீர்மானத் தேதிக்குப் பின் வரும் விஷயங்களையும் தீர்ப்பாயம் பார்க்கலாம் என்று உங்கள் நாட்டின் 2002 குடியுரிமை, குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 85(4) பிரிவு சொல்வதால், அன்று வைக்காததையும் புதிதாக உள்ளதையும் இப்போது வைக்கிறேன்.

எங்களுக்கு 2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தில் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் நடந்தது. அதற்கு முன் நேரில் ஒருமுறைதான் பார்த்தோம். அதிகாரி இதைச் சந்தேகமாக எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் இது வழக்கம். என் அக்காவுக்கும் இப்படித்தான் நடந்தது. பிப்ரவரி 2 அன்று பதிவு செய்தோம். திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2009 சட்டம். விசாவுக்காக அவசரமாகப் பதிந்ததல்ல. எங்கள் மொய் நோட்டின் நகலையும் வைத்திருக்கிறேன். யார் யார் வந்தார்கள், எவ்வளவு செய்தார்கள் என்று 412 பெயர் அதில் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு அது. நாடகக் கல்யாணத்துக்கு எந்தக் குடும்பமும் இத்தனை கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளாது.

தொலைபேசி அழைப்புகள் "அதிகாலையில், மிகக் குறைந்த நேரமே" என்று மறுப்பில் உள்ளது. உண்மைதான். அவர் பெரும்பாலும் இரவு டியூட்டி பார்க்கிறார். அங்கே இரவு இரண்டு மணிக்குக் கிடைக்கும் இடைவேளையில்தான் கூப்பிடுவார். இங்கே அப்போது வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம். ஒரு கையில் கோலப்பொடி, காதில் போன். ஐந்து நிமிடத்துக்கு மேல் எப்படிப் பேசுவது? லீவு நாளில் பேசும் நீண்ட அழைப்புகளும் முழுப் பட்டியலில் இருக்கின்றன. முன்பு வைத்த இரண்டு பக்கத்தில் அவை வரவில்லை.

அந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கும்படி கேட்கிறேன். 2024 மார்ச் வரை அவர் அழைப்பு இந்திய நேரப்படி காலை ஏழரையை ஒட்டி வருகிறது. மார்ச் 31-க்குப் பின் ஆறரை. அக்டோபர் 27-லிருந்து மறுபடியும் ஏழரை. உங்கள் நாட்டில் கடிகாரத்தை மாற்றிய நாட்கள் அவை. எனக்கு அப்போது இந்த வழக்கம் மனதில் பதியவில்லை. அக்டோபர் 27 காலை 6.45-க்கு "பிரேக் கிடைக்கலையா?" என்று அனுப்பியிருக்கிறேன். "கிளாக்கை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுட்டாங்க, ஏழரைக்குக் கூப்பிடுறேன்" என்று பதில். இதை யாரும் உட்கார்ந்து ஜோடித்திருக்க முடியாது.

எங்கள் செய்திகளில் "பாசம் வெளிப்படவில்லை" என்றும் எழுதியிருக்கிறார்கள். "சாப்டீங்களா", "ம்", "மாத்திரை போட்டாச்சா" என்பவைதான் நிறைய. நாங்கள் அப்படித்தான் பேசுவோம். என் அம்மாவும் அப்பாவும் முப்பது வருடமாக இதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. பாசத்தைக் காட்டும் குறிப்பிட்ட வகை ஆதாரம் கட்டாயம் இல்லை என்று 2012-ல் உங்கள் மேல் தீர்ப்பாயமே கௌடி வழக்கில் சொல்லியிருப்பதாக என் கணவர் படித்துச் சொன்னார். அதையும் கருத்தில் கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்டில் அவர் அனுப்பிய பார்சல் பாபநாசத்தில் என் பெற்றோர் முகவரிக்கு வந்ததால், நான் மாமியார் வீட்டில் வசிக்கவில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். அது ஆடி மாதம். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஆடி முடிந்ததும் கும்பகோணம் திரும்பிவிட்டேன். பணம் என் பெயருக்கு வரவில்லை என்பதும் சரி. மாதம் 35,000 ரூபாய் அத்தையின் கணக்குக்கு வருகிறது, ஏனென்றால் வீட்டில் ஒரே அடுப்பு. பாங்க் பாஸ்புக்கும் நான் எழுதும் வீட்டுக் கணக்கு நோட்டும் இணைப்பில் உள்ளன. என் இனிஷியல் இன்னும் என் அப்பாவுடையதாகவே இருப்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

கல்யாணம் முடிந்து 2024 பிப்ரவரி 12-ல் போனவர், பத்தரை மாதம் கழித்து டிசம்பர் 28-ல்தான் வந்தார் என்பது மறுப்பில் உள்ள பெரிய குறை. அது எனக்கும் பெரிய குறைதான். அக்டோபர் 31 எங்கள் தலை தீபாவளி. லீவு கிடைக்கவில்லை, நிராகரித்த மின்னஞ்சல் இணைப்பில் உள்ளது. மாப்பிள்ளைக்கு என்று அப்பா எடுத்த வேட்டி, ஓரத்தில் தடவிய மஞ்சளோடு இரண்டு மாதம் பீரோவில் இருந்தது. ஜனவரியில் பொங்கலன்று அதைத்தான் கட்டிக்கொண்டார். 14-ஆம் எண் போட்டோவில் அந்த மஞ்சள் கறை தெரியும். எல்லாப் போட்டோவிலும் குடும்பத்தாரும் இருப்பது ஏன் என்று கேட்டால், தனியாகப் போட்டோ எடுக்க எங்கள் வீட்டில் அத்தனை இடமோ கூச்சமின்மையோ இல்லை. ஜனவரி 25 வரை இருந்தார். அந்த நாட்களின் விமானச் சீட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் வைத்திருக்கிறேன். இந்த அக்டோபர் 20 தீபாவளிக்கு எடுத்த டிக்கெட்டும் அவற்றோடு இருக்கிறது.

அவர் இங்கே வந்துவிடலாமே என்று கேட்கலாம். ஏழு வருட வேலையையும் குடியிருப்பு உரிமையையும் விட்டு வந்தால், அவருடைய அப்பாவின் டயாலிசிஸ் செலவுக்கு வழியில்லை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு பாதுகாக்கும் எங்கள் குடும்ப வாழ்க்கையை இந்த மறுப்பு தடுக்கிறது. ஆகவே மறுப்பை ரத்து செய்து, இந்த மேல்முறையீட்டை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணையில் என் கணவர் நேரில் சாட்சி சொல்வார்.

இதில் நான் கூறியவை அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

இப்படிக்கு,
ரா. கவிதா
கும்பகோணம், 2025 செப்டம்பர் 2