பொருள்: நேற்றிரவு குளிர்பதன லாரியில் கூலிங் போய் உறைமீன் லோடு கெட்டது – வெப்பநிலைப் பதிவுகளுடன்

வணக்கம் சார்,

காலையில் போனில் சொன்னதை எழுத்தில் தருகிறேன். 18 பேலட், 720 பெட்டி, 7,200 கிலோ உறைமீன் துண்டுகள், முழு லோடையும் உங்கள் கிடங்கில் இறக்க மறுத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், ஏனென்றால் மைனஸ் 15-க்கு மேல் வந்தால் எடுக்கக் கூடாது என்பது நம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நாங்கள் கொண்டுபோய் நிறுத்தியபோது ஒரு பேலட்கூட அந்த அளவுக்குள் இல்லை.

யூனிட்டின் பதிவு இது. செட் பாயிண்ட் கடைசிவரை மைனஸ் 20-லேயே இருந்தது, யாரும் மாற்றவில்லை.

00:40 – சப்ளை −21.4°, ரிட்டர்ன் −18.3°
00:55 – டீஃப்ராஸ்ட் தொடக்கம்
01:15 – சப்ளை −6.1°, ரிட்டர்ன் −15.8°
01:45 – சப்ளை +3.7°, ரிட்டர்ன் −11.2°
02:30 – சப்ளை +9.4°, ரிட்டர்ன் −5.6°
03:20 – சப்ளை +12.1°, ரிட்டர்ன் −1.4°
03:50 – யூனிட் நிறுத்தப்பட்டது
06:10 – உங்கள் கிடங்கு, ரிட்டர்ன் +1.9°

இதில் ரிட்டர்னை விட சப்ளையைப் பாருங்கள். குளிரூட்டும் யூனிட் ஒழுங்காக ஓடினால் அது ஊதும் காற்று, பெட்டிக்குள் சுற்றித் திரும்பி வரும் காற்றைவிடச் சில்லென்று இருக்க வேண்டும். இங்கே 01:15-இலிருந்து தலைகீழ். அதாவது கூலிங் நின்றுபோனது மட்டுமில்லை, யூனிட் லோடுக்குள் வெந்நீர் அடுப்பு மாதிரி சூட்டை ஊதிக்கொண்டிருந்தது. டீஃப்ராஸ்டின்போது காயிலில் படிந்த பனியை உருக்க கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான கேஸை உள்ளே திருப்புவார்கள், பனி உருகியதும் வால்வு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அந்த வால்வு சூடு பக்கமே சிக்கிக்கொண்டது. டீஃப்ராஸ்ட் முடிந்துவிட்டதாகக் கண்ட்ரோலர் நினைத்து மின்விசிறியைப் போட்டுவிட்டது, திரையிலோ ‘கூல்’ என்றே காட்டியிருக்கிறது. மெக்கானிக் வால்வைக் கழற்றிவிட்டார், பிஸ்டனில் கீறல் கண்ணுக்கே தெரிகிறது, போட்டோ இணைப்பில் உள்ளது.

சரி, அலாரம் அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். 01:32-க்கு அடித்தது. டிரைவர் ஓரங்கட்டிவிட்டு உடனே எங்கள் இரவு டெஸ்குக்குக் கூப்பிட்டார். டீஃப்ராஸ்ட் முடிந்தால் இறங்கிவிடும், பார்த்துக்கொண்டே போங்கள் என்று டெஸ்கில் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக்கைப் போனில் பிடித்து அவர் யூனிட்டை நிறுத்தச் சொன்னபோது மணி 03:50. இந்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலான தாமதம் எங்கள் தரப்புடையது, டிரைவர் மேல் குற்றமில்லை.

நிறுத்தியபின் கதவைத் திறக்காமலே ஓட்டி வந்தார்கள். காலையில் உங்கள் தர ஆய்வாளரும் நாங்களும் சேர்ந்து புரோப் குத்தி அளந்ததில், மேல் வரிசைப் பெட்டிகளில் மீனின் வெப்பநிலை −1.4°, அட்டை ஊறி அடிப்பக்கம் தொங்கியிருந்தது. நடுவில் அடிவரிசையில் −12.8°. அந்த நடுப்பகுதியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போவதில்லை. ஒரே பேலட்டில் உருகியதும் உருகாததும் கலந்திருக்கும்போது பிரித்தெடுப்பது நம்பகமில்லாத வேலை, மறுபடி உறையவைத்தால் சதை குழைந்து நீர்விடும், அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

3, 11-ஆம் பேலட்களில் நீங்கள் வைத்திருந்த லாகர்களை எங்கள் ஆட்கள் தொடவில்லை, உங்கள் ஆய்வாளரே எடுத்துக்கொண்டார். பதிவுகளை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: யூனிட்டின் கடிகாரம் உங்கள் லாகரைவிட 7 நிமிடம் முன்னால் ஓடுகிறது. மேலே உள்ள நேரங்கள் எல்லாம் யூனிட் கடிகாரப்படி, எதையும் திருத்தவில்லை. யூனிட்டிலிருந்து இறக்கிய மூலக் கோப்பையும் அப்படியே இணைத்திருக்கிறேன்.

சரக்கு இப்போது ஒரு குளிர்கிடங்கில் தனியாக, விற்பனைக்கு அல்ல என்று ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டு சர்வேயர் நாளை காலை 10 மணிக்கு வருகிறார், உங்கள் ஆள் ஒருவர் உடனிருந்தால் நல்லது. அழிப்பதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், அது வரும்வரை ஒரு பெட்டியும் நகராது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், லாகர் கோப்புகள் மூன்றையும் இன்று மாலைக்குள் அனுப்பினால் கிளெய்மை இன்றே பதிந்துவிடலாம். இந்த லோடுக்கு வாடகை பில் வராது.

இதே வகை யூனிட் உள்ள மற்ற வண்டிகளை வால்வு சோதனை முடியும்வரை உங்கள் சரக்குக்கு அனுப்ப மாட்டோம். இரவு டெஸ்குக்கும் உத்தரவு போய்விட்டது: டீஃப்ராஸ்ட் முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் சப்ளை ரிட்டர்னைவிடச் சூடாக இருந்தால், காத்திருக்காமல் மெக்கானிக்கை எழுப்ப வேண்டும்.

மாற்று லோடு ஏற்றுவதானால் வேறு வகை யூனிட் உள்ள வண்டி இன்று இரவு 8 மணிக்குத் தயார். வேண்டுமா என்று மதியம் 2-க்குள் சொல்லுங்கள், பெட்டியை முன்கூட்டியே குளிர வைக்க நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
போக்குவரத்துப் பிரிவு மேலாளர்