கட்டுத்தரை வேலைகளும், உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகளும் – மாரிமுத்துவுக்கு

கட்டுத்தரையில இப்ப 8 கறவை, பால் வத்தின சினை மாடு 2 (காரி, மயிலை), கிடாரி 2, கன்னு 3 நிக்குது. நான் காலையில 8 மணிக்கு வேலைக்குப் போனா சாயந்திரம் 6 மணிக்குத்தான் வருவேன். அதுவரைக்கும் மாட்டைப் பாக்கற கண்ணு உங்களோடதும் தங்கச்சியோடதும்தான். அம்மா வீட்டுல இருப்பாங்க, ஆனா கட்டுத்தரைக்கு நடந்து வர அவங்களுக்கு முடியாது. இந்தத் தாளை பால் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன்.

காலை 4.30

லைட்டைப் போட்டதும் சாணியை அள்ளாதீங்க. ஒரு நிமிசம் நின்னு வரிசையாப் பாருங்க. எது அசை போடுது, எது தலையைத் தொங்கப் போட்டிருக்கு, ராத்திரி வச்ச தட்டு எந்தத் தாளியில மிச்சம் கிடக்குது? ஆள் வந்த சத்தம் கேட்டும் எந்திரிக்காம ஒரு மாடு படுத்திருந்தா அன்னைக்கு முதல் வேலை அதுதான். சாணி கால் மணி நேரம் கிடந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது.

அப்புறம் சாணியை வழிச்சு எரிவாயுத் தொட்டிக்குக் கொண்டு போங்க. கோமியம் ஓடற வாய்க்கால்ல கூளம் அடைச்சிருந்தா எடுத்து விடணும். தரையைக் கழுவி தண்ணியைத் தள்ளிவிட்டுட்டுத்தான் கறக்கணும். கறக்கிற நேரத்துல கூட்டவும் வேண்டாம், தட்டை உதறவும் வேண்டாம். அந்தத் தூசி பால்ல போய் விழும்.

5 மணி – கறவை

தலைச்சன் மாடு ரெண்டும் முதல்ல, மத்தது நடுவுல, மடி நோய் வந்து போன வெள்ளச்சி கடைசியில. இந்த வரிசையை மாத்தாதீங்க. ஒரு மாட்டோட மடி நோய் அடுத்த மாட்டுக்குப் போறது கறக்கிறவர் கை வழியாத்தான்.

1. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. நகம் ஒட்ட வெட்டியிருக்கணும்.
2. காம்பை மட்டும் கழுவினாப் போதும். மடி முழுக்கத் தண்ணி ஊத்தினா அழுக்குத் தண்ணி வடிஞ்சு காம்பு நுனிக்குத்தான் வரும். கழுவினதும் துணியால துடைச்சு ஈரம் போகணும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. அலமாரியில 16 துணி இருக்கு, காலைக்கு 8, மாலைக்கு 8. தங்கச்சி தினமும் கொதிக்கிற தண்ணியில அலசி வெயில்ல காயப் போடட்டும்.
3. ஒவ்வொரு காம்புலயும் முதல் மூணு பீச்சலை கருப்புக் கிண்ணத்துல விட்டுப் பாருங்க. திரி, கட்டி, தண்ணி மாதிரி நீர்த்த பால், ரத்த நிறம், இதுல எது இருந்தாலும் அந்தப் பால் கேனுக்குப் போகக் கூடாது. தரையிலயும் பீச்சக் கூடாது.
4. அஞ்சு விரலும் சேர்த்துப் புடிச்சுக் கறங்க. கட்டைவிரலை மடக்கி அழுத்தினா காம்புக்குள்ள புண்ணாகும். எண்ணெய், பால், எச்சில் எதையும் கையில தொட்டுக்க வேண்டாம்.
5. மாடு சுரப்பு விட்டதுல இருந்து 7 நிமிசத்துக்குள்ள முடிக்கணும். அதுக்கு மேல பாலை அடக்கிக்கும். பாதியில போன் வந்தாலும் எடுக்காதீங்க, நானே கூப்பிட்டாலும் சரி.
6. கறந்து முடிச்சதும் நாலு காம்பையும் அயோடின் கப்புல முக்குங்க. காம்புத் துவாரம் மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் மாடு படுக்கக் கூடாது. அதனாலதான் பசுந்தீவனத்தை கறவை முடிஞ்ச உடனே போடச் சொல்றேன். தின்னுட்டு நிக்கும்.

பாலை வடிகட்டி கேன்ல ஊத்துங்க. சொசைட்டி வண்டி 6.20க்கு முக்குல நிக்கும், அஞ்சு நிமிசத்துக்கு மேல காத்திருக்காது. மாட்டு வாரியா எத்தனை லிட்டர்னு நோட்டுல எழுதிட்டு கேனைத் தூக்குங்க. பாத்திரத்தை முதல்ல பச்சைத் தண்ணியில அலசிட்டு அப்புறம் வெந்நீர். முதல்லயே வெந்நீர் ஊத்தினா பால் உறைஞ்சு ஒட்டிக்கும், நாத்தம் போகாது.

பால் சுரக்க ஊசி போடற பழக்கம் இங்க இல்ல. யார் வந்து சொன்னாலும் வேண்டாம்.

தீனி

10 லிட்டருக்கு மேல கறக்கிற மாட்டுக்கு தீவனம் காலை 3 கிலோ, மாலை 3 கிலோ. அதுக்குக் கம்மின்னா 2, 2. காரிக்கும் மயிலைக்கும் 1, 1. பச்சை டப்பாவால ஒரு தலை தட்டினா 1 கிலோ, குவிச்சு அள்ளாதீங்க. கறவைக்கு தாது உப்பு நாளைக்கு 50 கிராம், கல்லுப்பு 30 கிராம், காலைத் தீவனத்தோட கலந்திடுங்க. வத்தின மாட்டுக்கு எந்த உப்பு எவ்வளவுன்னு நான் சொல்றேன், நீங்களாப் போட வேண்டாம்.

பசுந்தீவனம் ஒரு மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ, வேலிமசாலையும் சேர்த்து. சோளத்தட்டு 5 கிலோ, பாதிக்கு மேல ராத்திரிக்கு. கோ-4 புல்லை மிசின்ல வெட்டித்தான் போடணும், முழுசாப் போட்டா இலையைத் தின்னுட்டு தண்டை மிதிச்சுப் போடும். மிசின்ல புல் சிக்கினா சுவிட்சை அமத்தி, சக்கரம் நின்ன பிறகு கை வைங்க. ஓடும்போது குச்சியால குத்தி விடறதும் கூடாது.

கிழக்குக் காட்டுல இருக்கற சோளம் பூ எடுக்கற வரைக்கும் ஒரு கை கூட அறுக்கக் கூடாது. இளஞ்சோளத்துல விசம் இருக்கு. வெயில்ல வாடினதும், அறுத்த தாள்ல மறுபடி துளுத்ததும் இன்னும் மோசம். மாடு அவுத்துக்கிட்டு அங்க போயிட்டா எவ்வளவு தின்னுச்சுன்னு கணக்குப் பாக்காம உடனே போன் பண்ணுங்க.

சோறு, அரிசி, கஞ்சி, பழசு எதுவும் தாளிக்கு வரக் கூடாது. கோயில் விசேசத்துக்கும் பொங்கலுக்கும் அக்கம்பக்கத்துல அன்பாத்தான் கொண்டு வந்து குடுப்பாங்க. வாங்கி அம்மாகிட்ட குடுத்திடுங்க. ரெண்டு படி சோறு வயித்துக்குள்ள புளிச்சா மாடு மறுநாள் எந்திரிக்காது.

தண்ணித் தொட்டி எந்நேரமும் நிறைஞ்சிருக்கணும். கறவை மாடு வெயில் காலத்துல 80, 100 லிட்டர் குடிக்கும், தண்ணி குறைஞ்சா சாயந்திரமே பால்ல தெரியும். தினமும் பிரஸ் போட்டுத் தேய்ங்க, ஞாயித்துக்கிழமை முழுசா வடிச்சு சுண்ணாம்பு அடிங்க.

11 முதல் 4 வரை

மாட்டைக் குளிப்பாட்டி ஃபேனைப் போடுங்க. ஃபேன் இல்லாம தண்ணி மட்டும் அடிச்சா புழுக்கம்தான் கூடும். நாக்கைத் தள்ளி இளைக்கற மாட்டை நிழலுக்குக் கொண்டு வந்து உடம்பெல்லாம் தண்ணி ஊத்திட்டு எனக்குச் சொல்லுங்க. குளிப்பாட்டும்போது காதுக்குள்ள, வாலடியில, மடி இடுக்குல உண்ணி இருக்கான்னு கை விட்டுப் பாருங்க. உண்ணி மருந்து விசம், அதைக் கலக்கறது என் வேலை. சாயந்திரக் கறவை 4 மணிக்கு, அதே முறை. ராத்திரி 9 மணிக்கு தட்டைப் போட்டு இன்னொரு தடவை பாத்துட்டுப் படுங்க.

கன்னு

பிறந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடைச்சு, தொப்புள்ல அயோடின் வைங்க. சீம்பால் ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள போகணும், நஞ்சுக்கொடி விழட்டும்னு காத்திருக்க வேண்டாம். நேரம் ஆக ஆக அந்தச் சத்து கன்னு உடம்புல ஏறாது. சாணி வெள்ளையாவோ தண்ணியாவோ போனா, கண்ணு குழி விழுந்தா அன்னைக்கே சொல்லணும். கன்னு நாளைக்கு இருக்காது.

பருவத்துக்கு வந்தா

ராத்திரியில கத்தும், மத்த மாடு மேல ஏறும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா மூத்திரம் விடும், பால் குறையும். பின்னாடி கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். மத்த மாடு ஏறும்போது நகராம நிக்குதுன்னா அதுதான் சரியான அடையாளம். பாத்த மணியை எழுதுங்க. காலையில பாத்தா சாயந்திரம் ஊசி, சாயந்திரம் பாத்தா மறுநாள் காலை. சொல்ல மறந்தா 21 நாள் போச்சு. வழும்புல ரத்தம் தெரிஞ்சா பருவம் முடிஞ்சிருக்கும், அப்பவும் தேதியை எழுதுங்க, அடுத்ததுக்கு உதவும். வழும்பு சீழ் மாதிரி வெள்ளையா இருந்தா ஊசிக்காரரைக் கூப்பிட வேண்டாம், டாக்டர்தான் பாக்கணும்.

அந்த நிமிசமே போன் – ராத்திரி 2 மணியானாலும்

டாக்டர் நம்பர் சுவிட்ச் போர்டுக்கு மேல சிவப்புல எழுதியிருக்கு. நான் எடுக்கலேன்னா அவருக்கே பண்ணுங்க. அவரும் கிடைக்கலேன்னா 1962, கால்நடை ஆம்புலன்ஸ்.

- இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பி, தட்டினா டம்முன்னு கேக்கறது. படுக்க விடாதீங்க, முன்னங்கால் மேட்டுல இருக்கற மாதிரி நிறுத்துங்க.
- கன்னு போட்ட மூணு நாளைக்குள்ள தள்ளாடறது, எந்திரிக்க முடியாம கழுத்தை விலா பக்கம் மடக்கிப் படுக்கறது, காது சில்லுன்னு இருக்கறது. நல்லாக் கறக்கிற மாட்டுக்குத்தான் வரும். பக்கவாட்டுல சாய விடாம ரெண்டு பக்கமும் சாக்கு மூட்டை வச்சு நெஞ்சு மேல உக்கார வைங்க.
- பனிக்குடம் உடைஞ்சு ஒரு மணி நேரமாகியும் கன்னு வரலேன்னா, அல்லது ஒரு காலோ வாலோ மட்டும் தெரிஞ்சா. இழுக்காதீங்க.
- மூத்திரம் காப்பி நிறத்துல போறது.
- கருப்பை வெளிய தள்ளறது. ஈரத் துணி போட்டு மூடி, நாய், காக்கா அண்டாமப் பாத்துக்குங்க.
- எச்சில் ஒழுகி முழுங்க முடியாம நிக்கற மாடு, குரல் மாறிக் கத்தற மாடு. தொண்டையில ஏதோ அடைச்சிருக்குன்னு வாய்க்குள்ள கை விடாதீங்க. நாய்க்கடியா இருந்தா உங்க உயிருக்கே ஆபத்து.

மதியத்துக்குள்ள சொல்ல வேண்டியது

தீவனத்தை விட்டுட்டு தட்டை மட்டும் கடிக்கற மாடு. அசை போடாதது. ஒரே நாள்ல பால் 2 லிட்டர் குறையறது. மடியில ஒரு காம்பு மட்டும் சூடா, கல்லு மாதிரி இருக்கறது. சாணி புளிச்ச வாடையோட நுரைச்சுப் போறதும், கட்டிக் கட்டியா சளி பூசின மாதிரி வர்றதும். முன் தொடைக்கு மேல நெறி கட்டறது. ஒரு நாள் ஒரு கால், மறுநாள் இன்னொரு கால்னு நொண்டறது. தோல்ல கொழுக்கட்டை மாதிரி கட்டி. கன்னு போட்டு 12 மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாதது. அதைப் புடிச்சு இழுக்கவும் கூடாது, கல்லைக் கட்டித் தொங்க விடவும் கூடாது.

வாய்ப்புண்ணும் கால் குளம்புப் புண்ணும் சேர்ந்து தெரிஞ்சா அந்த மாட்டை வேப்பமரத்தடிக்குப் பிரிச்சுக் கட்டுங்க. நான் வர்ற வரைக்கும் வெளியாள், பால்காரர், வியாபாரி யாரையும் கட்டுத்தரைக்குள்ள விடாதீங்க.

மாடு சோர்ந்திருந்தா போன் பண்றதுக்கு முன்னாடி காய்ச்சல் பாருங்க. தெர்மாமீட்டரை ஆசனவாய்ல வச்சு, ஓரமாச் சாய்ச்சுப் புடிச்சு, பீப் வந்ததும் எடுங்க. 101ல இருந்து 102.5 வரைக்கும் சரி. 103க்கு மேல காய்ச்சல். 100க்குக் கீழ இறங்கினா அதை விட அவசரம்.

மருந்து

மூங்கில் கொட்டத்துலயோ பாட்டில்லயோ எதையும் ஊத்த வேண்டாம், எண்ணெய், கசாயம் உட்பட. நாக்கைப் புடிச்சு தலையைத் தூக்கி ஊத்தினா மூச்சுக் குழாய்ல போகும். அந்த மாடு வந்த நோய்ல தப்பிச்சாலும் நுரையீரல் கெட்டுச் சாகும்.

டாக்டர் ஊசி போட்ட மாட்டுக்கு பின்னங்கால்ல சிவப்புக் கயிறு கட்டுவேன். கயிறு இருக்கற வரைக்கும் அந்தப் பாலைத் தனியாக் கறந்து எருக்குழியில ஊத்துங்க. சொசைட்டிக்கும் வேண்டாம், கன்னுக்கும் வேண்டாம், டீக்கும் வேண்டாம். கயிறை அவுக்கறது நான்தான்.

கன்னு வீசினா, வீசின கன்னையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால தொடாதீங்க, அது ஆளுக்கும் ஒட்டற நோயா இருக்கலாம். கையுறை பால் ரூம்ல நீல டப்பாவுல இருக்கு. டாக்டர் பாத்த பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைக்கலாம்.

தப்பாப் போன் பண்ணிட்டமோன்னு தயங்க வேண்டாம். பத்துல எட்டு தடவை ஒண்ணுமில்லாமப் போனாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சாயந்திரம் வந்த பிறகு "காலையிலயே அப்படித்தாங்க இருந்துச்சு"ன்னு சொன்னாத்தான் கோபம் வரும்.

மயிலைக்கு இந்த மாசம் 22ஆம் தேதியோட 280 நாள். 15ஆம் தேதியில இருந்து ராத்திரி 12க்கும் ஒரு தடவை எந்திரிச்சுப் பாருங்க. வாலடி ரெண்டு பக்கமும் குழி விழுந்து, காம்பு பால் கட்டி விறைச்சிருந்தா என்னை எழுப்பிடுங்க.