தொட்டி கழுவும் அறிவிப்பு: மூலம், எளிய வடிவம், வாசித்துக் காட்டும் வடிவம்

மூலம்

இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியினைத் தூய்மைப்படுத்திக் குளோரினேற்றம் செய்யும் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதை முன்னிட்டு, 14.10.2025 முற்பகல் 6.00 மணி முதல் 48 மணி நேரத்திற்குக் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் எனவும், மீள விநியோகிக்கப்படும் தொடக்கநிலை நீரினைப் பருகுதல் தவிர்க்கப்பட வேண்டும் எனவும், அடுத்த 24 மணி நேரத்திற்குக் கொதிக்க வைக்கப்படாத நீரினை அருந்தலாகாது எனவும், போதிய அளவு நீரினை முன்கூட்டியே சேமித்து ஒத்துழைப்பு நல்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஒரே வாக்கியம். மக்கள் முதலில் செய்ய வேண்டியது தண்ணீர் பிடித்து வைப்பது. அது கடைசியில் கிடக்கிறது. ‘போதிய அளவு’, ‘தொடக்கநிலை நீர்’ இரண்டுக்கும் அளவு இல்லை. அதை நாமே ஊகித்து எழுதக் கூடாது. பொறியாளரிடம் கேட்டதில் கிடைத்தவை: நான்கு பேருக்கு மூன்று குடம், பத்து நிமிடம்.

எளிய வடிவம்

அக்டோபர் 13, திங்கள் இரவுக்குள் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் பிடித்து வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று குடம் வேண்டும்.
செவ்வாய் காலை 6 மணியிலிருந்து வியாழன் காலை 6 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. தொட்டியைக் கழுவி மருந்து போடுகிறோம்.
வியாழன் தண்ணீர் வந்ததும் 10 நிமிடம் குழாயைத் திறந்து விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.
வெள்ளி காலை 6 மணி வரை கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள்.

‘48 மணி நேரம்’ என்று விட்டால், கேட்ட நேரத்திலிருந்து எண்ணுவார்கள். கிழமைதான் பிசகாது.

வாசித்துக் காட்டும் வடிவம் (ஒலிபெருக்கிக்கு; ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை)

திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள தண்ணி பிடிச்சு வைங்க. நாலு பேருக்கு மூணு குடம்.
செவ்வாயும் புதனும் கொழாயில தண்ணி வராது. தொட்டி கழுவுறோம்.
வியாழக்கிழமை காலைல தண்ணி வரும். பத்து நிமிஷம் தெறந்து விடுங்க. அதைக் குடிக்காதீங்க.
அப்புறம் வர்ற தண்ணியத் தளதளன்னு கொதிக்க வச்சு, ஆறவச்சுக் குடிங்க. சின்னப் பிள்ளைங்களுக்கும் அதையே குடுங்க. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி வரைக்கும் இப்படித்தான்.

‘கொதிக்க வைங்க’ என்று மட்டும் சொன்னால் ஆவி வந்ததும் இறக்கிவிடுவார்கள், ‘தளதளன்னு’ அதற்காகவே.

சுவரொட்டியில் கிழமைக்கு ஒரு படம். குழாய்மேல் பெருக்கல் குறி வேண்டாம், ‘குழாயை மூடு’ என்று படிப்பார்கள். சொட்டில்லாத குழாயும் அடியில் காலிக் குடமும் போதும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவியோடு குமிழியும் வரைய வேண்டும்.

ஒலிபரப்புமுன் ஐந்து பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘வியாழக்கிழமை தண்ணி வந்ததும் என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள். இருவர் ‘குடத்தில பிடிப்போம்’ என்றால் மூன்றாவது வரியை ‘மொதல்ல வர்ற தண்ணியக் கீழ விடுங்க’ என்று தொடங்கி மாற்றி எழுதி, வேறு ஐந்து பேரிடம் திரும்பக் கேளுங்கள்.