இரண்டு மணி மருந்து

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நான்காம் கட்டிலுக்கு கிளாக்ஸாசிலின். கோமதி நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்து, மருந்தையும் ஸ்கேன் செய்து, டேப்ளட்டை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு ட்ரிப்பைச் சரிபார்த்தாள். ‘கொடுத்தாயிற்று’ என்று பதியப் போனால் திரை இருண்டு கிடந்தது. மறுபடி கடவுச்சொல் போட்டதும் முதல் பக்கம் வந்தது. ஏறிக்கொண்டிருக்கும் மருந்து, இன்னும் கொடுக்காத மருந்தாகச் சிவப்பில் நின்றது.

இந்தச் சிவப்புதான் பயம். வேறு யாராவது அதைப் பார்த்துவிட்டு இன்னொரு டோஸ் போட்டால்? கையுறைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பதிவைத் திரும்பச் செய்தாள்.

தீபாவளி லீவு முடிந்து வந்ததிலிருந்து இதே கதை. கணினிப் பிரிவுக்கு போன் போட்டால், “ரீஸ்டார்ட் செஞ்சீங்களா, மிஸ்ஸி?” என்பார் அந்தத் தம்பி. லிஃப்ட் நின்றாலும் அவர் அதையேதான் சொல்வார்.

“அந்த டேப்ளட்டைத் தூக்கிக் கடல்ல போடலாம்னு இருக்கு, அக்கா.”

லெட்சுமி அக்கா மிலோவைக் கலக்கிக்கொண்டே கேட்டார். “பிரஷர் எழுதும்போதும் லாக் ஆவுதா?”

கோமதி யோசித்தாள். “இல்ல. மருந்துக்கு மட்டும்தான்.”

“அப்ப மருந்துப் பக்கத்துல கோளாறுன்னு சொல்ற. சரி, என்னோடத எடுத்துக்க. ஒன்னோடத எங்கிட்ட குடு.”

அடுத்த இரண்டு கட்டில்களுக்கும் அப்படியே போனார்கள். கோமதியின் டேப்ளட் அக்கா கையில் ஒழுங்காக வேலை செய்தது. அக்காவின் டேப்ளட் கோமதியிடம் வந்ததும் இருண்டது.

“பாத்தியா? மெஷின்ல கோளாறு இல்ல. மருந்துப் பக்கத்துலயும் இல்ல.”

“அப்ப எங்கிட்டயா?” கோமதிக்குக் கோபம் வந்தது. பிறையில் இருக்கும் வீட்டிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி மோட்டார்சைக்கிளில் வந்து, ராத்திரி முழுக்க நின்று, கடைசியில் குறை அவள் மேலா?

அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. “லீவுக்கு அப்புறம் புதுசா என்ன வந்துச்சு? செருப்பு, வாட்ச், எதுவானாலும் சொல்லு.”

“ஒன்னும் இல்லக்கா.”

“சரி, சும்மா செஞ்சு காட்டு. மருந்து குடுக்கிற மாதிரி.”

காலிக் கட்டிலின் பக்கம் போய் நின்று கோமதி நடித்தாள். வலது கையில் மருந்துக் கிண்ணம். அதனால் டேப்ளட் இடது கையில், நெஞ்சோடு. திரை இருண்டது. பிரஷர் பார்ப்பதையும் செய்து காட்டச் சொன்னார் அக்கா. அப்போது டேப்ளட் வண்டித் தட்டில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மருந்து. இந்த முறை அக்கா திரையைப் பார்க்கவில்லை, டேப்ளட்டின் விளிம்பு சட்டையில் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்தார்.

“இந்தப் பேர் பட்டை எப்பக் குத்தின?”

“இது குத்துறது இல்லக்கா, காந்தம். ஊசி யூனிஃபார்மைக் கிழிச்சிருச்சுன்னு லீவுல வாங்…” கோமதி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

பட்டையைக் கழற்றி, டேப்ளட்டின் விளிம்போரமாக மெல்ல நகர்த்தினார் அக்கா. மேல் மூலை, ஒன்றுமில்லை. நடுவில், ஒன்றுமில்லை. கீழ் மூலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் திரை அணைந்தது. எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது.

“எம்மவன் டேப்ளட்டுக்கு மூடி இருக்கு. மூடினா தானா அணையும். அந்த மூடிக்குள்ள காந்தம், டேப்ளட்டுக்குள்ள அதை உணர்ற சென்சார். இதுக்கு மூடியும் ஒன்னுதான், ஒன் பட்டையும் ஒன்னுதான். மூடிட்டாங்கன்னு நெனச்சுத் தூங்கிடுது. எழுப்பினா, இங்க கடவுச்சொல் கேக்குது.”

கோமதி சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. அவர் பார்வை ஒன்பதாம் கட்டில் பக்கம் போயிருந்தது.

“அந்த ஐயாவுக்கு பேஸ்மேக்கர் இருக்குல்ல?”

கோமதியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. காந்தத்தை பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பது படித்ததுதான். நெருங்கினால், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் துடிப்பைத் தூண்டும் நிலைக்கு அது மாறிவிடலாம். காந்தம் விலகினால் பழைய நிலைக்கு வரும். தலையணையைச் சரிசெய்யும்போது எவ்வளவு குனிந்தோம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

இருவருமாகப் போய்ப் பார்த்தார்கள். மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. ஐயா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என்றாலும் விஷயத்தை டாக்டர் காதில் போட்டுவிட்டு வந்தார் அக்கா.

ஆறு மணி மருந்துக்குக் கிளம்பும்போது பட்டையை ஊக்கால் குத்தியிருந்தாள் கோமதி. ஒரு தடவைகூட லாக் ஆகவில்லை. ஷிஃப்ட் முடியும் முன் கணினிப் பிரிவுக்கு போன் போட்டாள்.

“ரீஸ்டார்ட்…”

“தம்பி, ஒரு நிமிஷம் கேளுங்க.” சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “அஞ்சாம் மாடியிலேருந்தும் ரெண்டு பேர் இதையே சொல்லியிருக்காங்க, மிஸ்ஸி.”

லெட்சுமி அக்கா போனுக்குக் கை நீட்டினார். “குடு. அவங்க டேப்ளட்டை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு கேப்போம்.”